பொருள்: மரண அறிவித்தலை ஆங்கிலத்தில் எழுதுதல் – ‘பெரியம்மா’, ‘மாமி’ இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

சுகந்தி (ரொறன்ரோ), வியாழன் மாலை

வணக்கம். என் பெரியம்மா செவ்வாய்க்கிழமை காலமானார். தமிழ் அறிவித்தல் ஏற்கெனவே போய்விட்டது. இறுதிச்சடங்கு நிலையத்தின் இணையப் பக்கத்துக்கு ஆங்கில வடிவம் நாளை காலை பத்து மணிக்குள் வேண்டுமாம். நோர்வேயிலும் பிரான்சிலும் உள்ள பேரப்பிள்ளைகள் அதைத்தான் வாசிப்பார்கள். தமிழில் இருப்பது இப்படி (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

> யாழ். இணுவிலைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி ... அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற கந்தையா, நாகம்மா தம்பதிகளின் அன்பு மருமகளும், சுகந்தி, பிரதீபன் ஆகியோரின் பாசமிகு பெரிய தாயாரும், ரவி, சுபா, நிர்மலன், தர்சினி ஆகியோரின் அன்பு மாமியும் ஆவார்.

நான் எழுதிப் பார்த்ததில் பெரிய தாயாரும் மாமியும் ஒரே ‘ஆன்ட்’ ஆகிவிட்டார்கள். அடியில் இரண்டு வரி விளக்கம் போடலாம் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வகை உறவுக்கும் பொதுவாக ஒவ்வொரு தமிழ்த் தலைப்புச் சொல் இருந்தால் சொல்லுங்கள். அதை ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டு விளக்கத்தைத் தொடரலாம்.

இளஞ்சேரன் (மதுரை)

ஆழ்ந்த இரங்கல் அம்மா. மாமி என்றால் மாமியார்தானே? அந்த நால்வருக்கும் ‘மதர் இன் லா’ என்று போட்டுவிடுங்கள், ‘ஆன்ட்’ குழப்பமே வராது. தலைப்புச் சொல் கேட்டீர்கள். தாயின் உடன்பிறந்தாள், தந்தையின் உடன்பிறந்தான் வழி வருவது இணைவழி. தாயின் உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தாள் வழி வருவது மாற்றுவழி. அறிவித்தலின் மற்றப் பகுதியில் மைத்துனர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அது ‘மைதுனம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மச்சான் போதும்.

வேலாயுதம் (யாழ்ப்பாணம்)

பிள்ளை சுகந்தி, முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். ‘காலஞ்சென்ற கந்தையா, நாகம்மா தம்பதிகள்’ என்பதில் நாகம்மா உயிரோடு இருக்கிறாரா? கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்திலிருந்து இந்த வரியில்தான் அதிகம் தடுக்கி விழக் கண்டிருக்கிறேன். இருவரும் இறந்திருந்தால் ‘காலஞ்சென்றவர்களான’ என்று எழுதுவது ஒழுங்கு. ‘காலஞ்சென்ற’ என்று மட்டும் இருந்தால் முதற்பெயருக்கு மட்டுமா, இருவருக்குமா என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘லேட் கந்தையா அண்ட் நாகம்மா’ என்று எழுதினால் அதே ஐயம் அங்கேயும் போகும். இருவரும் இறந்திருந்தால் இரண்டு பெயருக்கும் முன்னால் தனித்தனியாக ‘லேட்’ போடுங்கள். ஒருவர் இருந்தால் அவருடைய பெயரை ‘லேட்’ தொடாதபடி முன்னுக்குக் கொண்டுவந்து, ‘நாகம்மா, அவருடைய கணவர் லேட் கந்தையா’ என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.

அடுத்தது மாமி. இளஞ்சேரன் தம்பி சொல்வது அந்தப் பட்டியலில் பாதிப் பேருக்குத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ரவியும் சுபாவும் யார், நிர்மலனும் தர்சினியும் யார்?

சுகந்தி

ஐயா, நல்ல காலம் கேட்டீர்கள். நாகம்மா மாமி இணுவிலில் இருக்கிறா, வயது தொண்ணூற்றாறு. என் வரைவில் அவவையும் இறந்தவர் ஆக்கியிருப்பேன்.

ரவி பெரியம்மாவின் மகளைக் கட்டியவர், சுபா மகனைக் கட்டியவர். நிர்மலனும் தர்சினியும் பெரியம்மாவின் தம்பி, அதாவது என் மாமாவின் பிள்ளைகள். நால்வரும் ‘மாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வேலாயுதம்

அதுதான் விஷயம். தமிழில் நால்வரையும் ஒரே மூச்சில் சொல்லலாம். சகோதரனின் பிள்ளை தன் பிள்ளைக்கு மணமுறை. அதனால் மணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவர் மருமகனோ மருமகளோ தான், அவருக்கு இவர் மாமி. ஆங்கிலத்தில் அந்த முறை இல்லாதபடியால் பட்டியலை உடைத்தே ஆக வேண்டும். ரவி, சுபாவுக்கு ‘மதர் இன் லா’. நிர்மலன், தர்சினிக்கு ‘ஆன்ட்’. நால்வரையும் மாமியார் கணக்கில் போட்டால் நிர்மலன் யாரைக் கட்டினார் என்று அங்குள்ளவர்கள் கேட்பார்கள்.

‘ஆன்ட்’ என்று எழுதும் இடத்திலெல்லாம் யார் வழியாக என்பதைச் சேருங்கள். ‘சகோதரன் இன்னாரின் பிள்ளைகளான நிர்மலன், தர்சினி ஆகியோருக்கு மாமி’, ‘தங்கை இன்னாரின் பிள்ளைகளான சுகந்தி, பிரதீபன் ஆகியோருக்குப் பெரியம்மா’. மாமி, பெரியம்மா இரண்டையும் பிள்ளைகள் கூப்பிடும் ஒலியிலேயே ஆங்கில எழுத்தில் விடுங்கள். வழி தெரிந்தால் உறவு தெரிந்துவிடும்.

மைத்துனர் பற்றி: தம்பி சொல்லும் வேரை அகராதிகளும் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ‘மைத்துனன் நம்பி மதுசூதன்’ என்று ஆண்டாள் கனாக் கண்ட சொல்லை இந்த வீட்டு அறிவித்தலிலிருந்து எடுக்க எனக்கு மனம் வராது.

மெர்சி (பாளையங்கோட்டை)

சுகந்தி, கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. எங்கள் அப்பாவுக்கு ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று தமிழில் போட்டோம். ஆங்கிலத்திலும் சபைகளில் அதே வழக்கு இருப்பதால் அப்படியே சொல்லுக்குச் சொல் வந்துவிட்டது. நீங்களும் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பதை அப்படியே பெயர்க்கலாமே?

இளஞ்சேரன்

அதைத்தான் நானும் சொல்கிறேன். ‘பாஸ்ட் அவே’ என்று எழுதினால் அடியும் இல்லை, இறைவனும் இல்லை. செத்தாரைத் துஞ்சினார் என்பது நன்னூல் உரைகாரர்கள் மங்கல வழக்குக்குக் காட்டும் எடுத்துக்காட்டு. மெர்சி அக்கா சொல்லும் நித்திரையும் அதே துஞ்சல்தான். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்று அரசர்களை இறந்த இடத்தோடு சேர்த்தே அழைத்தார்கள். இணுவிலைப் பிறப்பிடமாகவும் என்று தொடங்கும் உங்கள் அறிவித்தலும் அந்த மரபின் நீட்சி. அந்த முதல் வரியைச் சுருக்காதீர்கள்.

வேலாயுதம்

அரசர் பெயரில் இருப்பது இறந்த இடம், இங்கே இருப்பது பிறந்த இடம். நீட்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் வரியைச் சுருக்க வேண்டாம் என்பதில் தம்பியோடு நிற்கிறேன். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஊரைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள். இணுவில், யாழ்ப்பாணம், இலங்கை என்று மூன்றையும் எழுதுங்கள்.

மெர்சி சொன்னதில் ஒரு சிக்கல். அவர்களுடைய தொடருக்கு ஆங்கிலத்திலேயே வாழும் வழக்கு இருக்கிறது. ‘இறைவனடி’யை ‘லோர்ட்’ என்று பெயர்த்தால் கனடாவில் வாசிப்பவர் சைவக் குடும்பத்தைக் கிறிஸ்தவக் குடும்பம் என்று எடுப்பார். மங்கல வழக்குக்கு மங்கல வழக்கு போதும். ‘பாஸ்ட் அவே’யும் ஆங்கிலத்தின் மங்கலம்தான்.

கபிலன் (ஒஸ்லோ)

நான் இங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். சுகந்தி அக்கா கேட்ட தலைப்புச் சொல் எனக்கும் வேண்டும், உறவுமுறைப் பாடம் அடுத்த மாதம். இணைவழி, மாற்றுவழி என்று சொன்னால் என் பிள்ளைகள் ரயில் பாதை என்று நினைப்பார்கள். தாய்முறை, மாமிமுறை என்று வைத்தால் என்ன? பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் தாய்முறை. அத்தை, அம்மான் மனைவி எல்லாரும் மாமிமுறை. ஊரில் ‘என்ன முறை?’ என்றுதானே கேட்கிறோம்.

மரியாதையையும் விடாதீர்கள். ‘அன்னார்’, ‘அவர்கள்’ இரண்டையும் எடுத்தபிறகு என் அம்மம்மாவின் அறிவித்தல் வெறும் ‘ஷீ’ என்று போனது. மாமாமாருக்குச் சரியான கோபம்.

இளஞ்சேரன்

தாய்முறை என்பது பெண்ணுக்கு மட்டும் பொருந்தும். இறந்தவர் ஆணாக இருந்தால்? தந்தைமுறை, மாமன்முறை என்று இன்னும் இரண்டு சொல் வேண்டும். கலைச்சொல் என்றால் ஒரு கருத்துக்கு ஒரு சொல். இணைவழி இருபாலுக்கும் பொருந்தும்.

வேலாயுதம்

அது நியாயமான கேள்வி. பிள்ளைகள் பக்கமிருந்து பெயர் வைத்தால் யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: பெறாமக்கள், மருமக்கள். பெண்ணுக்குச் சகோதரியின் பிள்ளையும் ஆணுக்குச் சகோதரனின் பிள்ளையும் பெறாமக்கள். மாறி வந்தால் மருமக்கள். இறந்தவர் ஆணா பெண்ணா என்ற சிக்கல் வராது.

மரியாதை பற்றி: தலைப்பில் ‘திருமதி’க்குரிய ஆங்கிலச் சொல்லோடு முழுப்பெயரைப் போடுங்கள். உள்ளே ‘அன்னார்’ வரும் இடங்களில் ‘திருமதி கந்தையா’ என்று மாமனார் பெயரையோ வேறு பெயரையோ பிடித்துவிடாதீர்கள். பெண்களுக்குப் பின்னால் வருவது கணவரின் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் அல்ல. எல்லா எழுத்துக்கூட்டலும் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கட்டும். ஊரிலிருந்து யாரும் விசாவுக்கு இந்த அறிவித்தலை இணைத்தால் பெயர் ஒத்துவர வேண்டும்.

சுகந்தி

இன்னொன்று ஐயா. பிரதீபன் என் தம்பி. அம்மா இறந்தபிறகு அவனைப் பெரியம்மாதான் வளர்த்தா. தன்னை ‘மகன்’ என்றே போடச் சொல்கிறான். வேலையிடத்தில் விடுப்புக்கும் இதைக் காட்ட வேண்டுமாம். ஒன்ராறியோ சட்டப்படி வருடத்துக்கு இரண்டு நாள், அதுவும் சம்பளமில்லாமல். பெற்றோர், பிள்ளைகள், பேரன் பேத்தி, சகோதரர் எல்லாம் அதில் இருக்கிறார்கள். பெரியம்மா இல்லை.

மெர்சி

வளர்த்தவர் அம்மாதானே. மகன் என்றே போடுங்கள். யார் கேட்கப் போகிறார்கள்?

வேலாயுதம்

தமிழ் அறிவித்தலில் பெரிய தாயார் என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் மகன் என்று வந்தால் இரண்டு தாளும் முரண்படும், நாளைக்குச் சொத்துக் காரியம் எதுவும் வந்தால் பெற்ற பிள்ளைகளுக்கும் தலையிடி. ‘பெரியம்மா, பிரதீபனைத் தாயாக நின்று வளர்த்தவர்’ என்று எழுதுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அவருடைய இடமும் குறையாது. முதலாளி மனம் வைத்து விடுப்புத் தருவதற்கும் அந்த வரி உதவும்.

சுகந்தி, வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன். நாகம்மா மாமியை முன்னுக்குக் கொண்டுவந்தாயிற்று. மாமிப் பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. ‘தாயாக நின்று வளர்த்தவர்’ என்பதைப் பிரதீபன் இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சரி என்றான். ‘அன்னார்’ வந்த இடங்களில் ‘ஷீ’ என்று வைக்காமல் ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் முழுப்பெயரைத் திரும்ப எழுதினேன். ஆங்கிலத்தில் கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கிறது.

அடிக்குறிப்பில் பெறாமக்கள், மருமக்கள் என்றே போட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கபிலன்

நானும் பாடத்துக்குப் பெறாமக்களையே எடுக்கிறேன். ஆனால் பெரியவர்கள் பக்கத்துக்குத் தாய்முறை, மாமிமுறையை விடமாட்டேன். பிள்ளைகள் கூப்பிடுவது பெரியவர்களைத்தானே.

இளஞ்சேரன்

‘பெறாமக்கள்’ எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியாது. பெற்றுக்கொள்ளாத மக்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த வீட்டுக்கு அது சரி, பொதுச் சொல்லாக நான் ஏற்கவில்லை. இணைவழி, மாற்றுவழி இரண்டையும் என் பரிந்துரையாக எழுதி வையுங்கள்.