பெடிகிரி சுருக்கத்துக்கு என்ன சொல் வைக்கலாம்?

செல்வி:
வணக்கம். மரபணு ஆலோசனைக் குறிப்புகளைப் பார்த்து, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருவார்கள். அந்த பெடிகிரி சுருக்கத்துக்கு 'நோயுற்றோர் பட்டியல்' என்று வைக்கலாமா?

அன்பரசன்:
'வம்சாவளி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? எங்கள் வீட்டில் ஏழு தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறோம். எல்லாம் ஆண் வழிதான். மார்பகப் புற்று மாதிரி நோய் என்றால் அம்மா வழியைத் தனியாக எழுதினால் போதுமே.

மீனா:
ஐயா, அம்மா வழி மட்டும் போதாது. மார்பகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் BRCA1 மரபணு மாற்றம் அப்பாவிடமிருந்தும் மகளுக்கு வரும். அப்பாவுக்குப் புற்றே வராமலும் இருக்கலாம்.

செல்வி, 'நோயுற்றோர்' என்ற சொல் இங்கே சரிவராது. விவரம் மாற்றி ஒரு குறிப்பைச் சொல்கிறேன். ஆலோசனைக்கு வந்தவர் 38 வயதுப் பெண். "அம்மாவுக்கு மார்பகப் புற்று, 51. பெரியம்மாவுக்குச் சினைப்பைப் புற்று, 58" என்று மட்டும் எழுதியிருந்தது. திரும்பக் கேட்டபோது, 51 அம்மா இறந்த வயது என்று தெரிந்தது. நோயைக் கண்டறிந்தது 44இல். நமக்கு முதலில் வேண்டியது அந்த 44தான். இளவயதில் வந்தால் மரபுவழிச் சந்தேகம் கூடும். பெரியம்மா யார் என்றும் கேட்க வேண்டியிருந்தது. பெரியப்பாவின் மனைவி என்றால் ரத்த உறவே இல்லை. இவர் அம்மாவின் அக்காதான். கடைசியில் சுருக்கம் இப்படி வந்தது:

தாய்: மார்பகப் புற்று, கண்டறிந்த வயது 44, இறப்பு 51.
தாயின் அக்கா: சினைப்பைப் புற்று, கண்டறிந்த வயது 58, இப்போது 63.
தாயின் தங்கை: புற்று இல்லை, இப்போது 55.
தந்தையின் அக்கா: புற்று இல்லை, இப்போது 66.

கடைசி இரண்டு வரிகளும் கட்டாயம் வேண்டும். 66 வயது வரை புற்று வராதவர் இருப்பது ஒரு தகவல். அதே இடத்தில் 24 வயதுப் பெண் இருந்தால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது.

குகன்:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் கொடிவழி என்போம். 'நோய்க் கொடிவழி' எப்படி?

ரேவதி:
என் அம்மாவை அவருடைய தாய்மாமாவுக்கே கொடுத்தார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டிதான் அப்பாவுக்கு அக்கா. பாட்டிக்கு 49இல் மார்பகப் புற்று. எந்தப் பக்கம் எழுதுவது?

மீனா:
இரண்டு பக்கமும் எழுதலாம் ரேவதி. ஆனால் ஒரே ஆள் என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் படிப்பவர் இரண்டு நோயாளிகள் என்று எண்ணிவிடுவார். படமாக வரைந்தால், ரத்த உறவில் மணந்தவர்கள் என்று காட்டப் பெற்றோருக்கு நடுவே இரட்டைக் கோடு போட வேண்டும்.

குகன், கொடிவழி எனக்குப் பிடித்திருக்கிறது. முன்னால் 'நோய்' சேர்த்தால் நலமாக இருப்பவர்களைத் திரும்பவும் விட்டுவிடுவார்கள்.

அன்பரசன்:
கொடிவழி நல்ல சொல்தான். ஆனால் வெறும் கொடிவழி என்றால், நான் வைத்திருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதே. 'உடல்நலக் கொடிவழி' என்று போடுங்கள்.

செல்வி:
சரி, இப்போதைக்கு 'கொடிவழிச் சுருக்கம்' என்று எழுதிக்கொள்கிறேன். வயதுக்கு 'கண்டறிந்த வயது', 'இப்போதைய வயது', 'இறந்த வயது' என்று மூன்று கட்டங்கள் தனித்தனியாக இருக்கும். முன்னால் 'உடல்நல' சேர்ப்பது பற்றி மற்றவர்களும் சொல்லுங்கள்.