புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு வலிக்கு எந்த ஃபோம் மெத்தை?

அன்று கேட்டது: "அம்மாவுக்கு இடுப்பு வலி. பாளையங்கோட்டை வெயிலுக்கு மெமரி ஃபோம் ஒத்துவருமா? எந்த அடர்த்தி வாங்கினால் நெடுநாள் உழைக்கும்?"

மெமரி ஃபோமைக் கைவிட்டோம். சூட்டில் அது இளகும். இடுப்புப் பகுதி மட்டும் அமிழ்ந்து முதுகு வளையும்.

அடர்த்தி கூடினால் கடினமாகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பாதிதான் சரி. மெத்தை தைக்கும் அண்ணாச்சி 40 அடர்த்தியிலேயே, அதாவது கன மீட்டருக்கு 40 கிலோ எடையிலேயே, மெத்தென்று ஒன்றும் விறைப்பாக ஒன்றும் எடுத்துக் காட்டினார். "அடர்த்தி ஆயுளுக்கு, விறைப்பு முதுகுக்கு. ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க" என்றார்.

அடர்த்தியைச் சோதிக்கத் தராசே போதும். ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கு அங்குலத் தடிமனுள்ள 40 அடர்த்தி ஃபோம், உறையில்லாமல் ஏறத்தாழ 6.8 கிலோ இருக்க வேண்டும். வேறொரு கடையில் 40 என்று விற்ற துண்டு நாலரைக் கிலோதான் நின்றது. அதாவது 26 அடர்த்தி. அது சீக்கிரமே குழிவிழும். ஆனால் சுண்ணாம்புத் தூள் கலந்து எடை கூட்டுவதும் உண்டு. உள்ளங்கையால் அழுத்திவிட்டால் சட்டென மீள்கிறதா என்றும் பாருங்கள். துண்டுகளை ஒட்டிச் செய்த ரீபாண்டட் ஃபோமுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது எப்போதுமே கனம்.

இலவம்பஞ்சு மெத்தையை மாடியில் காயப்போடுவதாக எழுதிய அக்காவுக்கு: பஞ்சுக்கு அது நல்லது. ஃபோமை வெயிலில் போட்டால் மஞ்சளித்து உதிரும், நிழற்காற்றே போதும்.

விறைப்பான 40 வாங்கி, காற்றோட்டமுள்ள பலகைக் கட்டிலில் பருத்தி உறையோடு போட்டிருக்கிறோம். அம்மாவுக்குக் காலையில் எழும்போது பிடிப்பு குறைந்திருக்கிறது. லேடெக்ஸுக்கு அவ்வளவு விலை தகுமா என்பதில் அண்ணாச்சிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.