புதுப்பிப்பு: ஹால் சோபா, டேப் வைத்து அளந்த பிறகு

போன வாரம் நான் கேட்டது: “ஆன்லைன் டிசைனர் கொடுத்த பட்டியல்படி சோபா வாங்கலாமா? மூட் போர்டு அழகா இருக்கு, ஆனா இடம் போதாத மாதிரி தெரியுது.”

வாங்கவில்லை. முத்தியால்பேட்டை தச்சர் அண்ணன், “அதே அளவுக்குத் தரையில் நியூஸ்பேப்பர் விரிச்சுப் பாருங்க” என்றார். விரித்தோம். சோபா ஆழம் 38 அங்குலம், இடைவெளி 18, டீப்பாய் 24, டிவி யூனிட் 16. நடக்க மிச்சம் 24தான். முட்டி வலியோடு அம்மா ஒருக்களித்துப் போனதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. டிசைனர் கணக்கில் அந்த வழி 42 அங்குலம்.

‘0.5 லென்ஸில் எடுத்த படம்தான் காரணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படம் ஹாலைப் பெரிதாகக் காட்டியது உண்மை. ஆனால் படிவத்தில் அகலம் 11 அடி 6 அங்குலம் என்று நிரப்பியது நான். அது பிளானில் இருந்த வெளி அளவு. இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவரைக் கழித்தால் உள்ளே 10 அடிதான்.

சரியான அளவை அனுப்பினேன். 6,500 ரூபாய் பேக்கேஜில் ஒரு திருத்தம் அடக்கம், கூடுதலாகக் கேட்கவில்லை. புதுப் பட்டியலில் 32 அங்குல ஆழ சோபா, டீப்பாய்க்குப் பதில் ஓரமாக ஒரு சின்ன ஸ்டூல். நடுவில் ஆறடி தாராளம்.

வில்லியனூர் அக்கா, நீங்கள் கேட்ட சமையல் மேடை கிரானைட் வேலை என் பேக்கேஜில் இல்லை.

சுவர் நிறம் இன்னும் முடிவாகவில்லை. போனில் இளம்பச்சை, எங்கள் டியூப்லைட்டில் சாம்பல். ஜன்னலோரம் ஒரு பட்டை அடித்து வைத்திருக்கிறோம்.