கலைச்சொல் விவாதம்: நல்லெண்ண உதவி, இடையீடு, இணக்குவிப்பு

அனுப்புநர்: மலர்விழி

அனைவருக்கும் வணக்கம். பன்னாட்டுச் சட்டப் பாடநூல் ஒன்றின் தமிழாக்கத்தில் நாடுகளிடையேயான பூசல்களை அமைதியாகத் தீர்க்கும் வழிகள் பற்றிய இயல் இப்போது என் கையில் இருக்கிறது. பேச்சுவார்த்தை என்ற சொல்லில் சிக்கல் இல்லை. அதை அடுத்து வரும் மூன்று வழிகளில்தான் தடுமாறுகிறேன். ஆங்கிலத்தில் குட் ஆபீசஸ், மீடியேஷன், கன்சிலியேஷன் எனப்படும் மூன்றுக்கும் நம் அகராதிகள் மாற்றி மாற்றிச் சமரசம், மத்தியஸ்தம், நல்லிணக்கம் என்றே தருகின்றன. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் மீடியேஷன் நடக்கும் இடம் சமரசத் தீர்வு மையம் எனப்படுகிறது. தொழிலாளர் துறையில் கன்சிலியேஷன் நடத்துபவரோ சமரச அலுவலர். மூன்றும் ஒரே பக்கத்தில் ஒப்பிடப்படும் ஒரு நூலில் இது செல்லாது. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். எந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு சொல்லாக்குவது என்று வழிகாட்ட வேண்டுகிறேன்.

அனுப்புநர்: இளங்கோ

ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 33ஆம் உறுப்பு இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறது. அந்த வரிசையையே பின்பற்றினால் குழப்பம் வராது. குட் ஆபீசஸும் மீடியேஷனும் நடைமுறையில் ஒன்றுதான். மூன்றாம் நாடு ஒன்று இடையில் வருகிறது, அவ்வளவே. இரண்டுக்கும் நடுவர் பணி என்ற ஒரே சொல்லை வைத்துவிட்டு, தீர்ப்புச் சொல்லும் கன்சிலியேஷனுக்கு மட்டும் வேறு சொல் தேடலாம் என்பது என் கருத்து.

அனுப்புநர்: சண்முகநாதன்

நண்பர் இளங்கோ சொன்னதில் ஒரு பாதி சரி. முதல் இரண்டும் நடைமுறையில் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும் என்பது உண்மையே. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைகூட இரண்டையும் ஒரே பகுதியில் சேர்த்துத்தான் பேசுகிறது. ஆனால் 33ஆம் உறுப்பின் பட்டியலில் குட் ஆபீசஸ் இல்லை. "தாங்களே தெரிந்துகொள்ளும் பிற அமைதி வழிகள்" என்ற பொருளில் அங்கே வரும் தொடருக்குள்தான் அது அடங்கும். கன்சிலியேஷன் தீர்ப்பும் சொல்வதில்லை. நடுவர் என்ற சொல்லையோ, தீர்ப்பளிக்கும் நடுவர் மன்றத்துக்கு விட்டுவைப்பது நல்லது.

தீர்வின் முதல் வரைவை எழுதுபவர் யார் என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். இதற்குச் சிந்து நதி நீர்ப் பூசலை விடச் சிறந்த சான்றை நான் அறியேன். பேச்சுவார்த்தை, குட் ஆபீசஸ், மீடியேஷன் ஆகிய மூன்று வழிகளும் ஒரே பூசலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் அரசு, பாகிஸ்தானுக்குள் செல்லும் கால்வாய்களில் தண்ணீரை நிறுத்தியது. மே 4 அன்று தில்லியில் இரு அரசுகளும் நேரில் பேசி ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன, தண்ணீரும் மீண்டும் ஓடியது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டதே, அதுதான் பேச்சுவார்த்தையின் வலிமை. வெளியார் யாரும் தேவைப்படவில்லை, முடிவு முழுக்க அவர்கள் கையிலேயே இருந்தது. அதன் நோயும் அங்கேயே தெரிந்தது. மதகு ஒருவர் கையில் இருக்கும்போது எதிரில் அமர்ந்திருப்பவர் சமமாகப் பேச முடியாது. அந்தக் கையெழுத்து நெருக்கடியில் பெறப்பட்டது என்று பாகிஸ்தான் பின்னர் வாதிட்டது. தொடர்ந்து நடந்த நேரடிப் பேச்சுகள் எங்கும் போய்ச் சேரவில்லை.

1951இல் உலக வங்கியின் தலைவர் யூஜின் பிளாக் இரு பிரதமர்களுக்கும் எழுதி, வங்கியின் உதவியை அளிக்க முன்வந்தார். இதுதான் குட் ஆபீசஸ். தொடக்கத்தில் வங்கி தன் யோசனை எதையும் முன்வைக்கவில்லை. இரு நாட்டுப் பொறியாளர்களும் வங்கியின் பொறியாளர்களோடு உட்கார்ந்து ஒரே திட்டத்தைத் தாங்களே வரைய வேண்டும் என்பதே ஏற்பாடு. முறிந்துபோன பேச்சை, இரு தரப்பும் மானம் குலையாமல் மீண்டும் தொடங்க அது வழி செய்தது. ஆனால் மேசையில் இரு தரப்பின் பழைய வாதங்கள் மட்டுமே இருந்தால், மேசை போட்டுக் கொடுத்தவரால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே திட்டம் உருவாகவில்லை. 1953இல் இரு தரப்பும் தனித்தனித் திட்டங்களையே கொடுத்தன.

1954 பிப்ரவரி 5 அன்று வங்கி தன் சொந்த யோசனையை வைத்தது. ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு ஆறுகள் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேற்கு ஆறுகள் பாகிஸ்தானுக்கு என்பது அதன் சாரம். அந்த நாளில் குட் ஆபீசஸ் மீடியேஷனாக மாறிவிட்டது. தண்ணீரைப் பங்கிடுவதற்குப் பதில் ஆறுகளையே பங்கிடும் யோசனையை இரு அரசுகளில் எது முதலில் சொல்லியிருந்தாலும் உள்நாட்டில் துரோகப் பட்டம் கிடைத்திருக்கும். வெளியார் சொன்னதால் அதைப் பற்றிப் பேச முடிந்தது. யோசனை வந்த பின்னும் ஆறு ஆண்டுகள் இழுத்தன. கிழக்கு ஆறுகளை நம்பியிருந்த பாகிஸ்தானின் வயல்களுக்கு மேற்கு ஆறுகளிலிருந்து நீர் கொண்டுவர இணைப்புக் கால்வாய்களும் அணைகளும் வேண்டியிருந்தன. அதற்கான செலவு யாருடையது என்பதே பெரிய தடை. வங்கி நட்பு நாடுகளைச் சேர்த்து ஒரு நிதியத்தை உருவாக்கியது. இந்தியா தன் பங்காக 6.206 கோடி பவுண்டை 10 ஆண்டுத் தவணையில் தர ஒப்பியது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டனர். குறிப்பிட்ட சில பிரிவுகளுக்காக மட்டும் வங்கியின் சார்பில் இலிஃப் என்பவரும் கையெழுத்திட்டார். பணமும் செல்வாக்கும் இல்லாத ஒருவர் இதே யோசனையைச் சொல்லியிருந்தால் அது கோப்பில்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே முதலாவதற்கு நல்லெண்ண உதவி என்றும் இரண்டாவதற்கு இடையீடு என்றும் முன்மொழிகிறேன். காஷ்மீர் குறித்து மூன்றாம் தரப்பு இடையீட்டை இந்தியா திரும்பத் திரும்ப மறுத்து வந்தது. ஆனால் 1966இல் தாஷ்கண்டில் சோவியத் ஒன்றியம் நல்லெண்ண உதவி அளித்தபோது ஏற்றுச் சென்றது. அரசுகள் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கும்போது நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்க முடியாது.

அனுப்புநர்: துரைராஜ்

ஐயா, நான் நாடுகளைப் பற்றி அறியேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சங்கத்தில் இருந்தவன். கன்சிலியேஷனில் முடிவு கட்டுப்படுத்தாது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஆலையில் சமரச அலுவலர் முன் போட்ட பன்னிரண்டு மூன்று பிரிவு ஒப்பந்தம், கையெழுத்திடாத சங்கத்தின் உறுப்பினர்களையும் கட்டுப்படுத்தியது. அதை எதிர்த்து நாங்கள் எவ்வளவோ போராடியும் பயன் இல்லை. இதை நூலில் சேர்க்க வேண்டும்.

அனுப்புநர்: சண்முகநாதன்

துரைராஜ் அவர்கள் சொல்வது அன்றைய தொழிற்தகராறு சட்டத்தின் தனி விதி. அங்கும் உங்களைக் கட்டுப்படுத்தியது அலுவலரின் கருத்து அல்ல, அவர் முன் நிர்வாகமும் மற்றொரு சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம். சட்டம் அந்த ஒப்பந்தத்தின் பிடியை எல்லாத் தொழிலாளர்களுக்கும் நீட்டித்தது. நாடுகளுக்கிடையே அப்படி நீட்டிக்கும் சட்டம் இல்லை. கையெழுத்திட்டவரை மட்டுமே ஒப்பந்தம் கட்டும்.

அனுப்புநர்: யோகேஸ்வரி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நல்லெண்ண உதவி என்பது வெள்ள நிவாரணம் போல ஒலிக்கிறது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நோர்வே செய்த பணியை எங்கள் செய்தித்தாள்கள் அனுசரணை என்றே எழுதின, மத்தியஸ்தம் என்று எழுதினால் திருத்துவார்கள். நோர்வேயும் தன்னை அனுசரணையாளர் என்றே சொல்லிக்கொண்டது, தீர்வுத் திட்டம் எதையும் தானாக முன்வைக்கவில்லை. அது உள்நாட்டுப் பூசல் என்பதால் மலர்விழியின் இயலுக்குள் நேராக வராது என்பது தெரியும். ஆனால் சொல்லைச் சோதிக்க இது உதவும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது, ஆறு சுற்றுப் பேச்சுகளும் நடந்தன. கண்காணிப்புக் குழுவின் தலைமையும் நோர்வேயிடமே இருந்தது. இரு தரப்பையும் மேசையில் தக்கவைக்க வேண்டியவரே, மீறியது யார் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வழியின் பலவீனத்தைச் சொல்லும்போது இதை விடக்கூடாது. அனுசரணை என்ற சொல்லைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். கன்சிலியேஷனுக்கு இணக்கம் என்ற வேர் எங்களுக்குப் பழக்கமானது. முன்பு கிராமங்களில் இணக்க சபைகள் இருந்தன.

அனுப்புநர்: இளங்கோ

33ஆம் உறுப்பைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் அனுசரணை வேண்டாம். தமிழ்நாட்டில் அனுசரணையாகப் பேசுவது என்றால் அன்பாகப் பேசுவது. இலங்கையில் கிரிக்கெட் போட்டிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தையும் அனுசரணையாளர் என்றே எழுதுகிறார்கள். மேலும் ஒரு கேள்வி. தீர்ப்பும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை என்றால் கன்சிலியேஷன் எதற்கு? இடையீட்டிலேயே அடக்கிவிடலாமே.

அனுப்புநர்: சண்முகநாதன்

இந்தக் கேள்விக்கு விடை திமோர் கடலில் இருக்கிறது. கிழக்குத் திமோர் 2002 மே மாதம் விடுதலை பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பே கடல் எல்லைப் பூசல்களில் கட்டாயத் தீர்ப்புமுறையிலிருந்து ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. ஆகவே எல்லை குறித்து வழக்குப் போட இடமில்லை. நேரடிப் பேச்சிலோ, எல்லை வரைவதை 50 ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கும் ஒப்பந்தமே 2006இல் கிடைத்தது. இடையீட்டுக்கு இரு தரப்பின் இசைவும் வேண்டும், வலியவர் இசைய மாட்டார்.

கடற்சட்ட உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பில் ஒரு கதவு திறந்திருந்தது. ஒரு தரப்பு மட்டும் அழைத்தாலும் இணக்கக் குழு அமையும், மறுதரப்பு வராவிட்டாலும் குழு வேலை செய்யும். திமோர் 2016 ஏப்ரலில் அந்த வழியைத் தொடங்கியது. இதில் அதிகாரம் இல்லை என்ற ஆஸ்திரேலியாவின் மறுப்பை ஐவர் குழு செப்டம்பரில் தள்ளியது. பிறகு குழு இரு தரப்பையும் பெரும்பாலும் தனித்தனியாக, மூடிய அறையில் சந்தித்தது. அடுத்த ஜனவரியில் திமோர் பழைய ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்தது, தொடுத்திருந்த வழக்குகளையும் திரும்பப் பெற்றது. 2018 மார்ச் 6 அன்று நியூயார்க்கில் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. நடைமுறைக்குள் வர ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம், முடிவை ஏற்கக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த அரைக் கட்டாயம் இடையீட்டில் இல்லை.

இந்த வழியின் வரம்பும் அங்கேயே தெரிந்தது. கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயலின் குழாய் எந்தக் கரைக்குச் செல்வது என்பதில் குழுவால் உடன்பாடு காண முடியவில்லை. குழாய் திமோருக்கு வந்தால் வருவாயில் அதன் பங்கு 70 விழுக்காடு, ஆஸ்திரேலியாவுக்குப் போனால் 80 விழுக்காடு என்று இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிவைத்து நகர்ந்தார்கள். நடைமுறையில் அந்தக் குழு இடையீட்டாளர் போலவே செயல்பட்டது என்ற விமரிசனமும் உண்டு, அதை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனாலும் முன்கூட்டியே எழுதப்பட்ட விதி, நிலையான குழு, இறுதியில் ஓர் அறிக்கை ஆகிய மூன்றும் இதைத் தனி வழியாக்குகின்றன. பிறரை இணங்கச் செய்யும் பணி என்பதால் இணக்குவிப்பு எனலாம்.

அனுப்புநர்: மலர்விழி

பேச்சுவார்த்தை, இடையீடு, இணக்குவிப்பு ஆகியவற்றை வரைவில் சேர்த்துவிட்டேன். இடையீட்டைச் செய்பவர் இடையீட்டாளர், இணக்குவிப்பை நடத்துவது இணக்கக் குழு. சமரசம் என்ற சொல்லை இந்த இயலில் எங்கும் பயன்படுத்தவில்லை. துரைராஜ் ஐயாவின் செய்தியை, உள்நாட்டுச் சட்டத்தில் இதே பெயர் வேறு விளைவைத் தரும் என்று அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன். குட் ஆபீசஸ் மட்டும் முடியவில்லை. நல்லெண்ண உதவி என்பதற்கு யோகேஸ்வரி அம்மாவின் மறுப்பும், அனுசரணைக்கு இளங்கோவின் மறுப்பும் நியாயமாகவே படுகின்றன. நல்லெண்ண முயற்சி, தொடர்புப் பணி என இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. முன்னதில் செய்பவரைக் குறிக்கும் சொல் வரவில்லை, பின்னது மக்கள் தொடர்பு அலுவலகத்தை நினைவூட்டுகிறது. வேறு முன்மொழிவு இருந்தால் எழுதுங்கள். அதுவரை வரைவில் நல்லெண்ண உதவி என்றே இருக்கும்.