புதுப்பிப்பு: தொடை வீங்கிய கிடேரிக் கன்று

"பதினாலு மாதக் கிடேரி. பின்னங்கால் நொண்டுது, தொடை கொதிக்குது. பாம்பு கடிச்சிருக்குமா?" (போன வாரம் நான் கேட்டது)

கன்று பிழைக்கவில்லை. பாம்பும் இல்லை, சப்பை நோய்; மண்ணிலுள்ள கிருமியால் சதை வீங்கி அழுகும் நோய். அன்று சாயங்காலம் மருத்துவர் வந்து தொடையை அழுத்தினார். தோலுக்கடியில் காய்ந்த சருகு நொறுங்குவதுபோல் சரசரத்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காலையில் கொதித்த இடம் அதற்குள் சில்லிட்டு மரத்திருந்தது. பெனிசிலின் போட்டார்; நொண்டத் தொடங்கியதுமே போட்டிருந்தால்தான் வாய்ப்பு என்றார். விடியும்போது செத்துக் கிடந்தது.

"இளங்கன்றுக்குத்தான் வரும், கொழுத்ததுக்கு வராது" என்ற அண்ணனுக்கு: முன்பாதி சரி, ஆறு மாதம் முதல் இரண்டு வயசுக்குள்தான் அதிகம். ஆனால் கொழுத்ததைத்தான் முதலில் பிடிக்கும்.

அறுக்காமல், தோலுரிக்காமல் ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். கிருமியின் வித்து மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்குமாம். மற்ற மூன்று கன்றுகளுக்கும் தடுப்பூசி போட்டாச்சு. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த நோய் அதிகம் வரும் மழைக்காலமோ வாசலில் நிற்கிறது. ஒரு மாதம் முன்பே போட்டிருக்க வேண்டியது. அதே மேய்ச்சலுக்கு விடுவதா, கட்டிப்போட்டுத் தீனி போடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.