33 மைக்ரானை நம்பி ஒரு கட்டு இரும்பைத் திருப்பி அனுப்பப் பார்த்தோம்

தோட்டத்துப் பிள்ளை

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் பட்டறையில் பயிற்சிக்கு இருக்கிறேன், போலிடெக்னிக் கடைசித் தவணை. போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் உங்களுடையதையும் சொல்லுங்கள்.

புதிதாக வந்த 10 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியில் போர்மேன் அண்ணனுக்குச் சந்தேகம். "மட்ட இரும்பைத் தள்ளிவிட்டான் போலிருக்கு, நீ படிக்கிற இடத்துல இழுத்துப் பார்த்துட்டு வா" என்று ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். கேலிப்பரில் மூன்று இடத்தில் அளந்தேன்: 9.98, 10.00, 10.02. நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரின் அளவு நீளம் 50 மில்லிமீட்டர். சுமையை 4 கிலோநியூட்டனிலிருந்து 14-க்கு ஏற்றும்போது நீட்சி 33.0 மைக்ரான் கூடியது. கணக்குப் போட்டால் மீட்சிக் குணகம் 192.9 ஜிகாபாஸ்கல். புத்தகத்தில் எஃகுக்கு 205 பக்கம் இருக்கிறது.

வெறும் எண்ணைக் கொடுக்கக்கூடாது என்று நிச்சயமின்மையும் போட்டேன். வாய்ப்பாடு இதுதான்:

```
E = 4·F·L0 / (π·d²·ΔL)
(uE/E)² = (uF/F)² + (2·ud/d)² + (uL0/L0)² + (uΔL/ΔL)²
```

சுமை அளவி, எக்ஸ்டென்சோமீட்டர் இரண்டும் கிளாஸ் 1. அதனால் சுமை, அளவு நீளம், நீட்சி மூன்றுக்கும் 1% வரம்பு வைத்து, ஒவ்வொன்றையும் √3 ஆல் வகுத்து 0.58% எடுத்தேன். விட்டத்துக்கு மூன்று அளவின் சிதறலையும் கேலிப்பரின் 0.02 வரம்பையும் சேர்த்தால் 0.16%. அது இருபடி என்பதால் இரட்டித்து 0.33%. எல்லாம் சேர்த்து 1.06%. இரண்டால் பெருக்கி 193 ± 4 என்று எழுதிக் கொடுத்தேன்.

189-லிருந்து 197 வரை, 205 எட்டாத தூரத்தில் இருக்கிறது. அண்ணன் அதைப் பார்த்ததும் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பக் கடிதம் தயார் செய்யச் சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கேலிப்பரை விட்டு மைக்ரோமீட்டரில் அளந்தால் சரியாகுமா?

எண்கணக்கன்

இரண்டு புள்ளியை வைத்து ஏன் கணக்குப் போடுகிறீர்கள் தம்பி? இயந்திரம் நூற்றுக்கணக்கான புள்ளிகள் கொடுக்கும். நேர்கோடு பொருத்திச் சரிவை எடுங்கள். நான் முன்பு அலுமினியத்தில் அப்படித்தான் செய்தேன், சரிவின் பிழை 0.2% என்று கணினியே சொன்னது. எக்ஸ்டென்சோமீட்டர் தொடக்கத்தில் கொஞ்சம் தள்ளிக் காட்டினாலும் கவலை இல்லை, சரிவில் அது அடிபட்டுப் போகும். 0.2% தான் உங்கள் நிச்சயமின்மை.

கித்தாத் தொழிற்சாலை

எங்கள் பக்கம் இந்தப் பிரச்சினையே வேறு. நான் கித்தா பொருட்கள் செய்யும் இடத்தில் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். மாடுலஸ் என்றால் எங்களுக்கு 300% நீட்டும்போது என்ன தகைவு என்பதுதான். போன வருஷம் ஒரே தாளில் வெட்டிய துண்டுகளுக்கு நான் எடுத்ததும் கூட வேலை செய்பவர் எடுத்ததும் 5% வித்தியாசம். கடைசியில் பார்த்தால் நான் கேலிப்பரால் தடிப்பை அளந்திருக்கிறேன். 2 மில்லிமீட்டர் கித்தாத் தாளைத் தாடையால் பிடித்தாலே 0.1 அமுங்கிவிடுகிறது. அவர் பாதம் வைத்த தடிப்பு அளவியில் எடுத்திருக்கிறார். அதனால் தம்பி, கேலிப்பர்தான் குற்றவாளி. மைக்ரோமீட்டருக்குப் போங்கள்.

ஈப்போ அக்கா

கேலிப்பரை இப்போதைக்கு விடுங்கள் தம்பி. நான் அளவுத்திருத்தக் கூடத்தில் பதினேழு வருஷமாக எக்ஸ்டென்சோமீட்டர்தான் பார்க்கிறேன். உங்கள் கணக்கில் ஒரு வரி என்னை நிறுத்தியது: நீட்சிக்கு 1%.

கிளாஸ் 1 என்றால் 1% என்பது பாதிதான். ISO 9513-இல் அந்த வகைக்கு வரம்பு 1% அல்லது 3 மைக்ரான், இரண்டில் எது பெரியதோ அது. 300 மைக்ரானுக்கு மேல் நீண்டால் 1% ஆளும். அதற்குக் கீழே 3 மைக்ரான் ஆளும். நீங்கள் நீட்டியது 33 மைக்ரான்தான். 10 கிலோநியூட்டன் ஏற்றி 50 மில்லிமீட்டர் எஃகை இழுத்தால் அவ்வளவுதான் நீளும், தலைமுடியின் தடிப்புக்கும் குறைவு.

இப்போது அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். 3-ஐ √3 ஆல் வகுத்தால் 1.73 மைக்ரான். 33-இல் அது 5.2%. மற்றவை அப்படியே இருக்க, மொத்தம் 5.3%. இரட்டித்தால் 193 ± 20. புத்தகத்து 205 உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சோதனை அந்தக் கம்பியைப் பற்றி எந்தக் குற்றமும் சொல்லவில்லை.

விட்டத்தின் 0.33%-ஐ முழுவதுமாகத் துடைத்தாலும் 5.32 என்பது 5.31 ஆகும், அவ்வளவே. இருபடி என்பதால் விட்டம் பெரிய ஆள் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். இரட்டித்த பிறகும் அது சின்னதாக இருந்தால் சின்னதுதான்.

கித்தாத் தொழிற்சாலை அண்ணே, உங்கள் கதை உண்மைதான், ஆனால் உங்கள் துண்டு மூன்று மடங்கு நீள்கிறது. அங்கே நீட்சியை அளப்பது சுலபம், தடிப்புதான் தொல்லை. தம்பிக்கு அது தலைகீழ். எஃகைக் கேலிப்பர் அமுக்காது.

எண்கணக்கன் சார், தொடக்கத் தள்ளல் சரிவில் அடிபடும் என்றது சரி. ஆனால் கருவி 33 போகிற இடத்தில் 31 அல்லது 35 காட்டினால், ஆயிரம் புள்ளி எடுத்தாலும் ஆயிரமும் அதே பக்கம் சாயும். கணினி சொல்லும் 0.2% புள்ளிகள் கோட்டைச் சுற்றி எவ்வளவு ஆடுகின்றன என்பதை மட்டும் சொல்கிறது. கோடே சாய்ந்திருப்பதை அது அறியாது.

பட்டறை அண்ணன்

நான்தான் அந்தப் போர்மேன், பிள்ளை காட்டியதும் படித்தேன். நிச்சயமின்மை எல்லாம் இருக்கட்டும். எனக்கு ஒரே கேள்வி: கம்பி நல்லதா கெட்டதா? போன தடவை இதே மாதிரி வந்த கம்பியில் செய்த பின்கள் மூன்று மாதத்தில் வளைந்துவிட்டன.

ஈப்போ அக்கா

அண்ணே, அதற்கு இந்த எண்ணே உதவாது. சாதாரணக் கார்பன் எஃகு மட்டமானதோ உயர்ந்ததோ, மீட்சிக் குணகம் எல்லாவற்றுக்கும் 200-லிருந்து 210-க்குள்தான் வரும். பின் வளைந்ததென்றால் இளகும் தகைவு, அதாவது எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு, குறைவு. அதே துண்டை மேலும் இழுத்து எங்கே இளகுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கேலிப்பரும் சுமை அளவியும்தான் பேசும், ஒன்றரை சதவீதத்துக்குள் பதில் கிடைக்கும்.

தம்பிக்கு இன்னொன்று. 193 என்பது நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளியே இருக்கிறது. எக்ஸ்டென்சோமீட்டரை ஒரு பக்கம் மட்டும் கவ்வ வைத்தீர்களா? பிடிதாடை ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் கம்பி வளையும். வளைவின் வெளிப்பக்கம் அதிகம் நீளும், உள்பக்கம் குறைவாக நீளும். எக்ஸ்டென்சோமீட்டரைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டி அதே சுமையை ஏற்றிப் பாருங்கள்.

செம்பனை ஆலை மெக்கானிக்

நான் எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாமல், இயந்திரத்தின் தலை எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்தே கணக்குப் போட்டு 30 என்று எடுத்தவன். பிடிதாடை வழுக்கல், இயந்திரச் சட்டத்தின் நீட்சி எல்லாம் அதில் சேர்ந்துவிட்டது. அது எத்தனை பிளஸ் மைனஸ் போட்டாலும் தேறாது.

தோட்டத்துப் பிள்ளை

நேற்று திரும்பப் போனேன். இளகும் முன்பே நிறுத்தியிருந்ததால் அதே துண்டே கிடைத்தது. எக்ஸ்டென்சோமீட்டரை எதிர்ப்பக்கம் மாட்டினேன். அதே 4-லிருந்து 14 கிலோநியூட்டன். நீட்சி 29.8 மைக்ரான். தனியாகப் பார்த்தால் 213.6 ஜிகாபாஸ்கல். ஒரே கம்பி, ஒரே சுமை, பக்கம் மாறியதற்கு 20 ஜிகாபாஸ்கல். கை நடுங்கியது.

நீட்சிகளைச் சராசரி எடுத்தேன், 31.4. குணகம் 202.7. முதலில் இரண்டு குணகங்களையே கூட்டி வகுத்தேன், 203.3 வந்தது. வாய்ப்பாட்டில் நீட்சி வகுக்கும் இடத்தில் இருப்பதால் நீட்சியைத்தான் சராசரி எடுக்க வேண்டும் என்று பிறகு புரிந்தது. இங்கே வித்தியாசம் சின்னது, வளைவு பெரிதாக இருந்தால் இருக்காது.

மகிழ்ந்துபோய் நிச்சயமின்மை குறைந்திருக்கும் என்று பார்த்தால் 203 ± 23. முன்பைவிடக் கொஞ்சம் கூடத்தான். இரண்டு பக்கமும் அதே கருவிதானே, அதன் 3 மைக்ரான் போகவில்லை. 20 கூடுதலாகத் தெரிந்தது வளைவால், அது சராசரியில் போயிற்று. கருவியின் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

கடிதம் அனுப்பவில்லை. அண்ணன் இளகும் தகைவு கேட்டிருக்கிறார், திங்கட்கிழமை இழுக்கிறேன்.

எண்கணக்கன்

சரி, சாய்ந்த கோடு என்றது எனக்குப் புரிந்தது. ஆனால் 3 மைக்ரான் என்பது அதிகபட்ச வரம்பு. உங்கள் கருவி அவ்வளவு தப்பு செய்யாமல் இருக்கலாம். சான்றிதழில் உண்மையான பிழை எழுதியிருக்குமே, அதை வைத்துத் திருத்தினால் 1 மைக்ரானுக்கே போகலாமே?

ஈப்போ அக்கா

அதுதான் சரியான வழி சார். வரம்பை வைப்பது சான்றிதழ் கையில் இல்லாதவர் செய்வது. தம்பி, சான்றிதழைத் திறந்து 20, 30, 50 மைக்ரானில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதோடு பக்கத்திலேயே அந்தக் கூடம் தந்த நிச்சயமின்மையும் இருக்கும். ஆனால் அந்த அளவு, அளவுத்திருத்தக் கருவியில் மாட்டி எடுத்தது. உருண்டைக் கம்பியில் ஒவ்வொரு முறையும் கத்திமுனை ஒரே மாதிரி உட்காருமா என்பது வேறு கேள்வி. ஐந்து தடவை கழற்றி மாட்டி அந்தச் சிதறலையும் சேர்க்கச் சொல்வேன். சிலர் இரண்டையும் தனித்தனியே கூட்டுகிறார்கள், சிலர் ஒன்றில் மற்றது அடங்கும் என்கிறார்கள். எங்கள் கூடத்திலேயே இதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தோட்டத்துப் பிள்ளை

சான்றிதழைப் பார்த்துவிட்டேன் அக்கா. முதல் புள்ளியே 100 மைக்ரானில்தான் தொடங்குகிறது. நான் அளந்த 33 அதற்கும் கீழே. ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் தாழ்ந்த பக்கத்தையும் அளவுத்திருத்தம் செய்து தரக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அறிக்கையில் 203 ± 23 என்றுதான் இருக்கும், சரிபார்க்காத பகுதியில் அளந்தது என்ற ஒரு வரியோடு.