பழைய ஃபிரிட்ஜ் பார்க்கப் போனேன்: ஃபிரீசரில் பாதி இடத்தில்தான் பனி பிடிக்கிறது, வாங்கலாமா?

சிங்காநல்லூர் குடித்தனம்

வணக்கம். வேலைக்காகக் கோவைக்கு வந்து அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். 6,000 ரூபாய்க்குள் ஒரு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் தேடுகிறேன். பக்கத்துத் தெருவில் வீடு காலி செய்யும் ஒருவர் 190 லிட்டர் ஃபிரிட்ஜை 5,500 ரூபாய் சொல்கிறார். பின்பக்கச் சீட்டில் 2016ஆம் ஆண்டு என்று இருக்கிறது.

நேற்று மாலை போய்ப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே நல்ல குளிர்ச்சி. கம்ப்ரசர் சத்தம் "ம்ம்ம்" என்று கேட்டது. அரை மணி நேரம் இருந்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. கதவின் கீழ் மூலையில், கீல் இல்லாத பக்கம், ரப்பர் சற்று விலகி இருக்கிறது. உள்ளே கற்பூர உருண்டை வைத்திருந்தார்கள், அந்த வாசனைதான் அடித்தது. ஃபிரீசரில் இடப்பக்கம் வெள்ளையாகப் பனி இருந்தது, வலப்பக்கம் வெறும் ஈரம்.

இதில் எது பெரிய குறை, எது சின்னக் குறை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். உதவுங்கள்.

ராமநாதபுரம் வாசி

சத்தம் தொடர்ந்து வந்தால் கம்ப்ரசர் போய்விட்டது என்றுதான் அர்த்தம். விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

குளிர்பதன வேலைக்காரன்

ராமநாதபுரம் நண்பர் சொல்வதில் பாதி சரி. நிற்காமல் ஓடுவது ஒரு குறையின் அடையாளம்தான். ஆனால் போய்விட்ட கம்ப்ரசர் பெரும்பாலும் நிற்காமல் ஓடாது. அதற்குக் கிளம்பவே முடியாது. "டிக்" என்று ஒரு சத்தம், சில நொடி கனத்த முனகல், மறுபடி "டிக்" என்று அடங்கிவிடும். சில நிமிடம் கழித்து அதையே திரும்பச் செய்யும். அந்தச் சத்தம் கேட்டால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயோ, கம்ப்ரசரோ பழுது. ரிலே என்றால் சிறிய செலவு, கம்ப்ரசர் என்றால் இந்த விலைக்கு ஃபிரிட்ஜ் வாங்குவதில் பொருள் இல்லை. அணைத்த உடனே மறுபடி போட்டாலும் நல்ல கம்ப்ரசரே இப்படித் தடுமாறும். ஆகவே இடையில் ஐந்து நிமிடம் விட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

சகோதரி, உங்களுடையது ஓடுகிறது, ஆனால் நிற்கவில்லை. அது வேறு கதை. என் கவலை கம்ப்ரசரைப் பற்றியது அல்ல, ஃபிரீசரில் பாதியில் நிற்கும் பனியைப் பற்றியது.

குளிரூட்டும் கேஸ் ஃபிரீசர் தட்டுக்குள் ஒரு பக்கம் நுழைந்து குழாய் வழியே சுற்றி மறுபக்கம் வெளியேறுகிறது. போதுமான கேஸ் இருந்தால் தட்டு முழுவதும் பனி பிடிக்கும். குறைந்தால் நுழையும் இடத்திலேயே அது ஆவியாகித் தீர்ந்துவிடும், பின்பாதி வெறுமையாக நிற்கும். குளிர் போதாததால் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தவே சொல்லாது. நீங்கள் எழுதிய இரண்டும் இதோடு பொருந்துகின்றன. உள்ளே குளிர்ச்சியாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். காலையிலிருந்து நிற்காமல் ஓடும் ஃபிரிட்ஜில், நீங்கள் போகும் நேரத்தில் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு முறை போங்கள். முந்தைய நாள் இரவே அணைத்துக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மறுக்கிறார் என்றால் அதுவே ஒரு பதில். ஃபிரீசரில் ஏற்கெனவே கட்டி கட்டியாகப் பனி இருந்தால் அதுவும் உருகி, தட்டு காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு கரண்டியில் தண்ணீர் எடுத்து ஃபிரீசரின் தரையில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். குமிழை முழுக்குளிருக்குத் திருப்பிக் கதவை மூடுங்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு தடவை, நாற்பது நிமிடத்தில் ஒரு தடவை மட்டும் திறந்து பாருங்கள். நல்ல ஃபிரிட்ஜில் சொட்டுகள் கொஞ்சம் முன்பின்னாகவாவது எல்லாமே உறைந்துவிடும். எந்தச் சொட்டு தண்ணீராகவே நிற்கிறதோ, அங்கே கேஸ் போய்ச் சேரவில்லை.

நான்கு பேர் வீடு

எங்களுடையது இரட்டைக் கதவு. ஃபிரீசரில் பனியே பிடிப்பதில்லை, ஆனால் கீழ்ப்பகுதியில் காய்கறி அழுகிவிடுகிறது. அதற்கும் இதேதான் காரணமா?

குளிர்பதன வேலைக்காரன்

இல்லை அம்மா. அந்த வகையில் விசிறி காற்றைத் தள்ளுகிறது, பனி பிடிக்கும் பகுதி பின்தட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. சொட்டுச் சோதனை அதற்குப் பொருந்தாது. உங்கள் ஃபிரிட்ஜில் கீழே காற்று வரும் வழி பனியால் அடைத்திருக்கலாம். தனியாகக் கேளுங்கள், இங்கே கலந்தால் சகோதரிக்குக் குழப்பமாகிவிடும்.

பெரியகடை வீதி

இதற்கு ஏன் இவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்தில் ஐஸ் கட்டி வரவில்லை என்றால் வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

குளிர்பதன வேலைக்காரன்

அந்தக் கணக்கில் நல்ல ஃபிரிட்ஜையும் தள்ளிவிடுவீர்கள் ஐயா. அறைச் சூட்டில் இருந்து தொடங்கும் ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டு உறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆவது இயல்பு. வெயில் காலத்தில் அதற்கும் மேல் ஆகும். ஒரு சொட்டும் ஒரு தட்டு நிறையத் தண்ணீரும் ஒன்றல்ல. கீழ்ப்பகுதியைத் தண்ணீர் பாட்டிலை வைத்து அளக்கக் கூடாது, அது குளிர நேரம் எடுக்கும். நடுத்தட்டில் ஒரு வெப்பமானியைக் காற்றில் தொங்கவிடுங்கள். நான் பார்த்த வரையில், காலியான 190 லிட்டர் ஃபிரிட்ஜ் இரண்டு மணி நேரத்தில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அடுப்படி அனுபவம்

தங்கை, கற்பூர உருண்டை என்று எழுதியதைக் கவனித்தேன். குளிர்ந்த ஃபிரிட்ஜில் நாற்றம் அடங்கிக் கிடக்கும். அணைத்து வைத்த ஃபிரிட்ஜில்தான் உண்மை தெரியும். மறுநாள் போகும்போது எந்த வாசனைப் பொருளும் உள்ளே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதலில் ரப்பரின் மடிப்பை விரலால் விலக்கி மோந்து பாருங்கள். அடுத்துப் பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும், உருகிய பனியின் தண்ணீர் அதில்தான் வந்து விழும். அந்தத் தட்டில் பல வருடச் சகதி கிடக்கும். எங்கள் ஃபிரிட்ஜில் உள்ளே எத்தனை தடவை சோடா மாவு போட்டுத் துடைத்தும் போகாத நாற்றம், அந்தத் தட்டைக் கழுவியதும் போய்விட்டது.

மீனோ இறைச்சியோ வைத்த நிலையில் பல நாள் மின்சாரம் இல்லாமல் மூடிக் கிடந்த ஃபிரிட்ஜ் என்றால் தொடாதீர்கள். உட்சுவரில் விரிசல் இருந்தால் அந்த நீர் பின்னால் உள்ள நுரைக்குள் இறங்கிவிடும், அதை எடுக்க வழியே இல்லை.

குளிர்பதன வேலைக்காரன்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பின்பக்கம் குனியும்போது குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து வெளிவரும், தூசி அதில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். தீய்ந்த வாசனை வந்தால் ரிலே பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ரப்பருக்கு வருவோம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் பாதி உள்ளே பாதி வெளியே வைத்து மூடி, மெல்ல இழுங்கள். பிடிமானம் தெரிய வேண்டும். நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் இதைச் செய்யுங்கள். கீழ் மூலையில் மட்டும் வழுக்கினால் உடனே ரப்பரைக் குறை சொல்ல வேண்டாம். கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கத்தை மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்து கதவு தொங்குகிறது, ரப்பரை மாற்றினாலும் இடைவெளி இருக்கும். ஆடவில்லை, ரப்பர் மட்டும் வளைந்திருக்கிறது என்றால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி நேராக்கலாம். விரலில் அழுத்தினால் மிருதுவாக எழும்பும் ரப்பருக்குத்தான் இது. கல்லாக இறுகியதற்கு மாற்றுவதே வழி.

சிங்காநல்லூர் குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மறுபடி போனேன். இரவே அணைத்துவிட்டதாகச் சொன்னார். பின்பக்கம் கையால் தொட்டேன், கம்ப்ரசர் ஆறியிருந்தது. சொன்னபடியே செய்திருக்கிறார் என்று நம்பினேன்.

9.10க்குப் போட்டேன். ஒரே "டிக்", உடனே ஓடியது. ஐந்து சொட்டு விட்டேன். 9.30க்குப் பார்த்தபோது இடப்பக்க முன் மூலைச் சொட்டும் பின் மூலைச் சொட்டும் வெள்ளையாகி இருந்தன. நடுச் சொட்டின் மேல் விரலை வைத்தால் மெல்லிய படலம் உடைந்தது, அடியில் தண்ணீர். 9.50க்கு நடுச் சொட்டும் உறைந்துவிட்டது. வலப்பக்க இரண்டும் அப்படியே தண்ணீராக நின்றன, விரலால் தொட்டால் குளிர்ந்த நீர்தான். 11.10க்கு, இரண்டு மணி நேரம் ஆன பிறகு, நடுத்தட்டு வெப்பமானியில் 17 டிகிரி. கம்ப்ரசர் நிற்கவில்லை.

கதவைத் தூக்கிப் பார்த்தேன், ஆடவில்லை. கீழ் மூலையில் நோட்டு வழுக்குகிறது, மற்ற இடங்களில் பிடிக்கிறது. ரப்பர் மிருதுதான். நாற்றம் லேசாகப் புளித்த வாடை. தட்டில் சகதி இருந்தது, ஆனால் அவர் அதைக் கழுவ விடவில்லை, அதனால் அதுதானா என்று தெரியவில்லை.

அவர் 4,000க்குத் தருகிறேன் என்கிறார். கேஸ் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்.

பெரியகடை வீதி

அப்படியானால் வாங்கலாமே. கேஸ் போட 2,000, 2,500 ஆகும். மொத்தம் 6,500. புதிதாக வாங்கினால் இதைவிட எவ்வளவோ அதிகம்.

குளிர்பதன வேலைக்காரன்

கேஸ் தேய்ந்து தீரும் பொருள் அல்ல ஐயா. மூடிய குழாய்க்குள் சுற்றுவது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் போட்டால் சில மாதத்தில் மறுபடி இதே நிலைதான். ஓட்டை பின்னால் செப்புக் குழாய் இணைப்பில் என்றால் நம்பிக்கையோடு ஒட்டலாம். ஃபிரீசரின் அலுமினியத் தட்டிலேயே என்றால், பனியைக் கத்தியால் கிண்டினால் பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை விழும், ஒட்டினாலும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேஸ் சரியாக இருந்து, அதை ஃபிரீசருக்குக் கொண்டுவரும் மெல்லிய குழாய் பாதி அடைத்திருந்தாலும் இதே சொட்டுகள்தான் தண்ணீராக நிற்கும். கேஸின் அழுத்தம் காட்டும் அளவுமானியை மாட்டாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. 2016 மாடல் சிலவற்றில் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் கேஸ் இருக்கும், பின்சீட்டில் R600a என்று போட்டிருக்கும். அதற்கு அந்த வேலை தெரிந்தவர்தான் கைவைக்க வேண்டும், குழாயைச் சூடாக்கி ஒட்டும் முன்பு கேஸை முழுதாக வெளியேற்ற வேண்டும்.

ஃபிரீசர் தரையில் கீறலோ, பசை பூசிய தடமோ இருக்கிறதா, சகோதரி?

சிங்காநல்லூர் குடித்தனம்

வீட்டுக்கு வந்து எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கச் சொட்டுக்கு அருகில் ஒரு விரல்நகம் அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு இருக்கிறது. சுற்றிலும் கீறல்கள். சீட்டில் R600a என்றுதான் இருக்கிறது.

குளிர்பதன வேலைக்காரன்

அது முன்பே ஒருமுறை ஒட்டிய இடம். மறுபடி கசிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நான் என்றால் 4,000க்கும் வாங்க மாட்டேன்.

அடுப்படி அனுபவம்

எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. நல்ல மெக்கானிக் தெரிந்தால் 2,000க்குக் கேட்டுப் பார்க்கலாம்.

சிங்காநல்லூர் குடித்தனம்

அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கணபதி பகுதியில் ஒருவர் 170 லிட்டர் ஃபிரிட்ஜை 5,000 ரூபாய் சொல்கிறார். சனிக்கிழமை இரவே அணைத்துத் திறந்து வைக்கிறேன் என்று தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஞாயிறு காலை அம்மாவும் வருகிறார், சொட்டு விடக் கரண்டியைப் பையில் எடுத்து வைத்துவிட்டார். அந்த வீட்டில் மாலையில் வோல்டேஜ் குறையுமாம். காலையில் நன்றாகக் கிளம்பும் கம்ப்ரசர் மாலையில் தடுமாறுமா, அண்ணா?

குளிர்பதன வேலைக்காரன்

தடுமாறலாம். அது அந்த வீட்டின் குறையா, ஃபிரிட்ஜின் குறையா என்று காலையில் மட்டும் பார்த்தால் தெரியாது. முடிந்தால் மாலையிலும் ஸ்டெபிலைசர் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போங்கள். அதோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை, இடையில் ஐந்து நிமிடம் விட்டுக் கிளப்பிப் பாருங்கள். சொட்டுகளின் நேரத்தை இங்கே எழுதுங்கள்.